கேட்காத கேள்விக்கு வந்த பதில்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவுக்கு அவள்தான் தலைமை. அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். ஆள் எடுக்கும்போது வீடியோவில் வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில் கேட்பாள். மதிப்பெண்ணை மேனேஜரோடு பேசுவதற்கு முன்பே தனியாகப் போட்டுவிடுவாள். பேசிவிட்டுப் போட்டால் அது மேனேஜரின் மதிப்பெண் ஆகிவிடும் என்பது அவள் கட்சி. கிண்டலுக்கு வைத்த பெயர்தான், அவள் கண்டுகொள்ளவில்லை.

இந்த முறை ஒரே ஒரு இடம். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடும் போனை எடுக்கும் வேலை. தப்பான ஆளை உட்கார வைத்தால், இருட்டுப் பெட்டிக்குள் மூச்சு முட்டுகிறவர்தான் அதன் பலனை அனுபவிப்பார். அதனால் அவளுக்கு இந்த வேலையில் விளையாட்டே கிடையாது.

முதல் நாள் வந்தவள் ஆஸ்பத்திரியில் இரவு வரவேற்பில் இருக்கிற பெண். அவள் தூங்குகிற நேரம் பார்த்து நட்டநடுப் பகலில் மேனேஜர் நேரம் ஒதுக்கியிருந்தார். வீங்கிய கண்களோடு வந்து உட்கார்ந்தாள். “மேடம், நாலு குறிப்பு பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன். பார்த்துக்கலாமா?” என்று கேட்டாள். தராசு பாருங்கள் என்றாள். பேசி முடித்ததும், அவள் இணைப்பில் இருக்கும்போதே மேனேஜர், “பேப்பர் பார்த்துப் பேசுற ஆளு நமக்கு எதுக்கும்மா?” என்று உதட்டைப் பிதுக்கினார்.

இரண்டாம் நாள் வந்தவன் டை கட்டிய இளைஞன். மேனேஜர் இன்னும் இணைப்பில் வரவில்லை. பதிவு செய்கிறோம், சம்மதமா என்று வழக்கம்போல் கேட்டு ஆரம்பித்தாள். முதல் இரண்டு பதில்களும் வெண்ணெய் மாதிரி வழுக்கின. ஆனால் கேள்வி முடிந்ததும் அவன் கண்கள் இடமிருந்து வலமாக ஓடித் திரும்பின. கண் அசைவை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லக்கூடாது, திரை எங்கே இருக்கிறதோ என்று தன்னையே அடக்கிக்கொண்டாள்.

மூன்றாவது கேள்வி மேனேஜர் கேட்க வேண்டியது, கோபமாகக் கத்தும் வாடிக்கையாளரைப் பற்றி. அவர் வராததால் அதைத் தாண்டி நான்காவதைக் கேட்டாள்.

“ரெண்டு கட்டடத்துல ஒரே நேரத்துல ஆள் மாட்டிக்கிட்டாங்க. டெக்னீஷியன் ஒருத்தர்தான் இருக்கார். என்ன செய்வீங்க?”

“முதல்ல அவங்க கோபத்தை முழுசா கேட்பேன். குறுக்கே பேச மாட்டேன். அப்புறம் மன்னிப்பு கேட்டு…”

அது அவள் கேட்காத மூன்றாவது கேள்விக்கான பதில், வரிசை மாறாமல். கேள்விகள் இருந்தது இரண்டே பேர் கையில். ஒருவர் அவள்.

அப்போதுதான் மேனேஜர் திரையில் வந்து சிரித்தார். “என்னம்மா, ஜோரா போகுதா?”

“போகுது சார்.” பல்லைக் கடித்துக்கொண்டு இளைஞனைப் பார்த்தாள். “இப்போ நான்தான் லிஃப்டுக்குள்ள இருக்கேன். விளக்கு அணைஞ்சு போச்சு. கதவைப் பிளக்கப் போறேன். என்கிட்ட பேசுங்க.”

அவன் கண்கள் மேலே போயின, கீழே வந்தன, மறுபடி மேலே போயின. கதவில் கை வைக்காதீர்கள், ஆள் வருகிறார் என்றுகூட வாயில் வரவில்லை. கடைசியில் திரையின் இன்னொரு கட்டத்தைப் பார்த்து அழாத குறையாகச் சொன்னான்.

“மாமா, இது நீங்க அனுப்புனதுல இல்லையே!”

மேனேஜரின் முகம் சட்டென்று மறைந்தது. கேமராவை அணைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவள் அறைக்கே வந்து நின்றார்.

“சின்னப் பையன், விடும்மா. பதிவுல அந்த இடத்தை மட்டும் வெட்டிடு.”

“நேத்து அந்தப் பொண்ணு பேப்பரைச் சொல்லிட்டுப் பார்த்தா. அதுக்கு நீங்க உதட்டைப் பிதுக்குனீங்க.”

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். வெட்கம்கூட இல்லை, தொந்தரவாகிவிட்டதே என்ற சலிப்புதான் அந்த முகத்தில் இருந்தது. சீ, என்ன மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். பதிவை முழுசாக மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தாள். புதுக் கேள்விகள், புதுத் தேர்வாளர்கள் முன்னிலையில், எல்லோருக்கும் மறுபடி என்று அன்றே முடிவானது. மேனேஜர் அதில் இல்லை.

மாலையில் ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு அவளே போன் செய்தாள்.

“கேள்விகள் வெளியே போயிடுச்சு. திரும்ப எல்லாரையும் கூப்பிடுறோம். உங்க தூக்கம் கெடாத நேரமாச் சொல்லுங்க. குறிப்பு வச்சுக்கலாம், எல்லாருக்கும் அந்த விதிதான்.”

“வேண்டாம் மேடம், பேப்பர் எடுத்துட்டு வரல,” என்றது தயங்கிய குரல். “எங்க அக்கா திட்டினா. எதுக்குடி கேட்டே, கேட்காமலே பார்த்திருந்தா இந்நேரம் வேலை கிடைச்சிருக்கும்னு. அவ சொன்னது சரிதானே மேடம்?”

“பேப்பரை எடுத்துட்டே வாங்க,” என்றாள் தராசு.