பேர் சொல்லிக் கொடுக்கும் கடிதம்

பதுளையில் நான் வேலை பார்த்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில், மடுல்சீமைத் தோட்டத்துப் பெண்ணொருவரின் அறிக்கையை அதே பெயருள்ள பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் லீவில் போய்விட்டார். மன்னிப்புக் கடிதம் எழுதும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது.

அறிக்கையைத் திரும்ப வாங்கிவிட்டோம், இனிமேல் பெயரோடு அடையாள அட்டை எண்ணையும் பார்த்தே கொடுப்போம் என்று அலுப்போடு எழுதி முடித்தேன். தபாலில் அனுப்பலாமா என்று அந்தப் பெண்ணிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"வேணாங்க. தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் குடுப்பாங்க," என்றார். "அதையும் அவதான் வாங்குவா."