மேனேஜர் கூடையில் கிடந்த குப்பிகள்

என் மருமகளைத் திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. குழம்பில் புளி கூடினாலும் நான்தான் கேட்பேன், பேரனுக்குத் தலை சீவாமல் பள்ளிக்கூடம் அனுப்பினாலும் நான்தான் கேட்பேன். வேறு ஒருத்தர் அவளைப் பேசினால் எனக்கு அடிவயிற்றில் கங்கு வைத்தது மாதிரி இருக்கும். அந்தக் கங்கை நான் சீக்கிரம் அணைக்கவும் மாட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் போடியில் ஒரு ஏலக்காய் ஆபீசில் வேலை பார்க்கிறோம். பொட்டிப்புரத்திலிருந்து காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எந்த மூட்டை எந்தத் தரம், எத்தனை கிலோ என்று ஏற்றுவாள். நான் கூட்டிப் பெருக்கி, டீ போட்டுக் கொடுத்து, குப்பைக் கூடைகளைக் கொட்டுவேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு அங்கே கிடைத்த உத்தியோகம் அது. ஒரு ஆபீசில் யார் என்ன தின்கிறார்கள், எதைக் கிழித்துப் போடுகிறார்கள் என்பதெல்லாம் முதலாளிக்குத் தெரியாது. கூடை கொட்டுகிறவளுக்குத் தெரியும்.

மருமகளுக்குக் கண்ணில் பவர் ரொம்ப அதிகம். சோடாப் புட்டி கண்ணாடி போட்டால் தலைவலி வருகிறது என்று கண்ணுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிற லென்ஸ் போட்டிருந்தாள். அவள் இடம் ஏசிக்கு நேர் கீழே. அந்த ஏசியின் ரிமோட் மேனேஜர் மேசை டிராயரில். பதினெட்டில் வைத்துவிட்டு டிராயரைச் சாத்திவிடுவார். காற்று அவள் முகத்தில் வந்து அடிக்கும். மத்தியானம் ஆவதற்குள் லென்ஸ் காய்ந்து கண்ணோடு ஒட்டி, இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகிவிடும்.

முதலில் மருந்துக் கடையில் எதையோ கேட்டு வாங்கினாள். சிவப்பு போகிற சொட்டு மருந்தாம். போட்டால் கண் வெளுக்கும், கொஞ்ச நேரத்தில் முன்னைவிடச் சிவந்து வரும். கடைசியில் தேனியில் கண் டாக்டரம்மாவிடம் போனோம். அந்தம்மா சீசாவை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள்.

"இதைப் போட்டுக்கிட்டா லென்ஸ் போடுறீங்க? மருந்து கெடாம இருக்க இதுல ஒண்ணு சேர்த்திருக்காங்க. அது லென்ஸ்ல ஊறி உக்காந்துக்கிட்டு நாள் பூராக் கண்ண அரிக்கும்."

"அப்ப எதத்தான்மா போடுறது?" என்று நான் கேட்டேன்.

லென்ஸ் மேலேயே போடலாம் என்று அட்டையில் எழுதியிருக்கிற ஈரச் சொட்டுதான் போட வேண்டும் என்றார்கள். இவள் ஒரு நாளைக்குப் பல தடவை போட வேண்டியிருப்பதால், கெடாமல் இருக்க எதுவும் கலக்காத சின்னச் சின்னக் குப்பியாக எழுதிக் கொடுத்தார்கள். தலையைத் திருகிப் பிய்க்க வேண்டும், கண்ணில் விட வேண்டும், தூக்கிப் போட வேண்டும். திறந்ததை நாளைக்கு என்று வைக்கக் கூடாது. முனை கண்ணில் படக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அடிக்கடி கண்ணைச் சிமிட்ட வேண்டும், ஏசிக் காற்றை விட்டு விலகி உட்கார வேண்டும். கடைசிச் சங்கதியைத் தவிர எல்லாவற்றையும் அவள் செய்தாள்.

கடைசிச் சங்கதி மேனேஜர் கையில் இருந்தது. கேட்டதற்கு, "ஏசி கம்ப்யூட்டருக்கு வச்சதும்மா, ஒனக்கா வச்சது?" என்று சிரித்தார். தன் கண்ணைப் பற்றி அவருக்குப் பெருமை வேறு. "எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. இதுவரைக்கும் கண்ணாடி போட்டதில்ல. கழுகுக் கண்ணு எனக்கு. இங்கன இருந்தே அந்தக் காலண்டர்ல தேதி சொல்லுவேன்" என்பார். அவள் குப்பியை எடுக்கும்போதெல்லாம், "ஆரம்பிச்சுட்டா அபிசேகத்த" என்று ஹால் முழுக்கக் கேட்கச் சொல்வார்.

அப்புறம் குப்பிகள் குறைய ஆரம்பித்தன. தன் மேசை டிராயரில் அவள் வைத்த குப்பிப் பட்டை நாலைந்து நாளில் காலியாகும். மூன்று மணிக்கு மேல் அவளுக்குப் போட ஒன்றும் இருக்காது. என்னிடமே வந்து கேட்டாள்.

"அத்தை, நீங்க எடுத்துப் புள்ளைக்கு வெளையாடக் குடுத்தீகளா?"

"ஆமாடி, நானும் ரெண்டு கண்ணுல ஊத்திக்கிட்டு ஒன்னைய மாதிரி அழகாகலாம்னு பாத்தேன்."

சிரித்துச் சொன்னேனே தவிர, எனக்குச் சுருக்கென்று இருந்தது. திருடி என்று என்னை நினைக்க வைத்தவன் எவனோ, அவனை விடக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் குப்பி இல்லாமல் கண் மங்கி, ஒரு மூட்டையின் கிலோவைத் தப்பாக ஏற்றிவிட்டாள். மேனேஜர் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி வைத்துப் பேசினார்.

"எப்பப் பாத்தாலும் அழுத மூஞ்சி. இந்தக் கண்ண வச்சுக்கிட்டு ஒனக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? வெள்ளிக்கிழம மொதலாளி வருவாக, சொல்லிடுறேன். அடுத்த வாரத்துல இருந்து கீழ கொட்டாயில காய் பொறுக்கு."

கீழ்க் கொட்டகை முழுக்கத் தூசி. அங்கே லென்ஸும் போட முடியாது, அது இல்லாமல் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் முகமும் தெரியாது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் வழிந்தது லென்ஸால் வந்த தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மேனேஜர் ரூமில் கூடையைக் கொட்டும்போது, கசக்கிப் போட்ட தாளுக்கு அடியில் தலை பிய்ந்த குப்பிகள் நாலு கிடந்தன. அதே நீலக் கோடு, அதே எழுத்து. புதன்கிழமை மூன்று. அன்றைக்கே பாத்ரூம் கதவு சாத்தாமல் இருக்க, கண்ணாடி முன்னால் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, லென்ஸை இரண்டு விரலால் கிள்ளுகிற கழுகுக் கண்காரரையும் பார்த்தேன். வடக்கத்தி வியாபாரிகளோடு வீடியோவில் பேசுகிறவருக்கு அழகாகத் தெரிய வேண்டாமா?

அவர் எடுக்கிற சொட்டு மருந்தில் எதையாவது கலந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். வேண்டாம், கண் கண்தான். மானத்தை மட்டும் பிடுங்கினால் போதும் என்று முடிவு செய்தேன்.

பொறுக்கிய குப்பிகளை ஒரு காகிதத்தில் பொதிந்து வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் மருமகள் டிராயரிலிருந்த நல்ல குப்பிகளை எல்லாம் என் இடுப்புப் பைக்கு மாற்றிவிட்டு, வெறும் அட்டைப் பெட்டியை மட்டும் வைத்தேன். அவளுக்கு வேண்டும்போது டீ டம்ளரோடு ஒன்று போகும். பிறகு மேனேஜர் ரூமைத் துடைக்கப் போனேன். அங்கே இருந்த ஏசியின் தகடு மேலே பார்த்தபடி இருந்தது. துணியால் துடைத்து, அவர் நாற்காலியைப் பார்க்கும்படி திருப்பி விட்டேன். அவர் மருமகளுக்குக் கொடுத்த காற்றுதான், நான் கூட்டிக் கொடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். மேனேஜர் அதற்குள் இரண்டு தடவை வெளியே வந்து மருமகள் டிராயர் பக்கம் சுற்றினார். அவள் பாத்ரூம் போன நேரம் பார்த்துத் திறந்து, பெட்டியை ஆட்டிப் பார்த்தார். நான் பக்கத்திலேயே துடைப்பத்தோடு நின்றேன்.

"என்ன சார் தேடுறீக?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. பேனா."

"பேனா ஒங்க சட்டைப் பையில இருக்கே சார். கழுகுக் கண்ணுக்கு அது தெரியலையா?"

"சரி சரி, போய் வேலையப் பாரு. இங்கன யாரும் எதையாச்சும் எடுத்தாகளா?"

"எதை சார்? சொன்னாத் தேடித் தாரேன்."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே, வாட்ச்மேனை மருந்துக் கடைக்கு அனுப்பினார். வந்தது மருமகள் முதலில் வாங்கி ஏமாந்த அதே சிவப்பு போகிற மருந்துச் சீசா. நான் தடுத்திருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

மேனேஜர் ரூம் டிவியில் வியாபாரிகளோடு வீடியோப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஆபீசில் வியாபாரிக்குக் காய் காட்டும்போது நகத்தால் உடைத்து, உள்ளே இருக்கிற விதை அரிசியை நசுக்கி, எண்ணெய்ப் பதத்தைக் காட்டுவது வழக்கம். மருமகள் காயைத் தொட்டால் சோப்புப் போடாமல் கண் பக்கம் கை கொண்டுபோக மாட்டாள். மேனேஜர் ஏழெட்டுக் காய் நசுக்கிய விரலோடு திரும்பி, லென்ஸ் போட்ட கண்ணிலேயே மருந்தை ஊற்றி, ஊற்றினதைத் தேய்த்தும்விட்டார்.

"ஐயய்யோ!" என்றார். அது எந்த வியாபாரிக்கும் புரிந்திருக்கும்.

தண்ணீர் தாரையாகக் கொட்டியது. டிவியிலிருந்த சேட்டு ஹிந்தியில் என்னமோ கேட்டுச் சிரித்தார். மேனேஜர் மறுபடி கண்ணைத் தேய்க்க, ஒரு லென்ஸ் நழுவிப் பச்சைக் காய்த் தட்டில் விழுந்தது. மீன் செதில் மாதிரி மினுங்கியது.

முதலாளி குனிந்து பார்த்தார். "இது என்னய்யா காயில?"

டீத் தட்டோடு வாசலில் நின்ற நான் சொன்னேன்: "சாரோட கழுகுக் கண்ணு, மொதலாளி. கீழ விழுந்திருச்சு."

காகிதப் பொதியை மேசையில் பிரித்துக் கொட்டினேன். "இதெல்லாம் சார் கூடையில கெடந்துச்சு. எம்மருமக டிராயர்ல இருந்து போன குப்பி. இது இல்லாமத்தான் அவ கண்ணு மங்கி, கிலோவத் தப்பா ஏத்துனா. அதுக்குத்தான் அவளக் கொட்டாய்க்குப் போகச் சொல்றாக."

மேனேஜர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, "பொய்" என்றார்.

"அப்ப பாத்ரூம்ல இமைய இழுத்துக்கிட்டு என்ன சார் பண்ணீக, சாமி கும்பிட்டீகளா?"

அதற்குள் மருமகள் ஓடி வந்தாள். அவளுக்கு என் புத்தி கிடையாது. "சார், மொதல்ல சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க. இன்னொரு லென்ஸையும் எடுத்துருங்க. கண்ணத் தேய்க்காதீங்க, நல்ல தண்ணி விட்டு அலசுங்க" என்று வாஷ்பேசினுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அலசி முடித்து வந்து, "அத்தை, ஒரு குப்பி குடுங்க" என்று கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை. இடுப்புப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சார் கேக்கட்டும். யாரு குப்பின்னு சொல்லிக் கேக்கட்டும்."

"அத்தை!"

"நீ சும்மா இருடி."

ஹாலில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட, யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல், தூணைப் பார்த்து மேனேஜர் சொன்னார்: "ஒன் குப்பி ஒண்ணு குடும்மா. கேக்காம எடுத்தது தப்புத்தான்."

"அவ இங்கன நிக்கிறா சார். அது தூணு."

திரும்பி நின்று இன்னொரு தடவை சொன்னார். அப்புறம்தான் கொடுத்தேன். அந்த இரண்டாவது தடவை எனக்கு முதல் தடவையைவிட இனிப்பாக இருந்தது.

முதலாளி ரிமோட்டை வாங்கி மருமகளிடம் கொடுத்தார். கொட்டகைப் பேச்சு அதோடு போயிற்று. அவள் மேசை ஏசிக்கு எதிர்ச் சுவருக்கு நகர்ந்தது. மேனேஜரைத் தேனி டாக்டரம்மா பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பெரிய சேதமில்லை, ஆறும் வரைக்கும் லென்ஸ் கூடாது என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது அவர் என் மருமகளுடையதைவிடத் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறார். மற்றவர்களுக்கு டீயை ஆற்றித்தான் கொடுக்கிறேன். அவருக்கு மட்டும் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் மூக்குக்கு நேராக வைப்பேன். ஆவி ஏறிக் கண்ணாடி இரண்டும் வெள்ளையாகிவிடும். அவர் டம்ளரைத் துழாவுவார். நான் அவசரப்படாமல் நின்று பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போவேன்.