உடைந்த பதினேழு டேப்புக்கு ஒரு விளக்கம்

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற சாலையில், ஒரு கோழித் தீவனக் கடைக்குப் பின்னால் காளியப்பனின் பட்டறை இருக்கிறது. வயது ஐம்பத்து நான்கு. இரும்பு வேலையில் முப்பது வருஷ அனுபவம். அதைவிட அதிக அனுபவம், சொன்ன தேதிக்குச் சாமான் கொடுக்காமல் போனதற்குக் காரணம் சொல்வதில்.

பட்டறையின் கணினி அவர் மனைவி வசந்தாமணியின் பொறுப்பு. அதில் ‘டிலே’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. ஆடிப்பெருக்குக்கு ஆள் வரவில்லை, மழை, லாரி ஸ்டிரைக், கரண்ட் இல்லை என்று பத்துப் பன்னிரண்டு மெயில்கள் அதில் தயாராக இருக்கும். தேதியை மாற்றி அனுப்பினால் தீர்ந்தது. பெரியப்பா காலமான மெயில் மட்டும் இரண்டு முறை போயிருக்கிறது, இரண்டு முறையும் ஒரே கம்பெனிக்கு. பெரியப்பா இன்றும் மோகனூரில் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்.

அந்தக் கம்பெனி பெருந்துறையில் இருக்கிறது. ஹைட்ராலிக் வால்வு செய்கிறவர்கள். காளியப்பன் பட்டறையின் மூன்று மெஷினும் ஓடுவதே அவர்கள் வேலையால்தான். திங்கள்கிழமை காலை அங்கிருந்து தரக் கட்டுப்பாட்டு அதிகாரி மதுமதி மெயில் போட்டிருந்தார். வால்வுக்கான நூற்றிருபது இரும்பு பிளாக் போன வியாழனே வந்திருக்க வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குள் காரணமும் புதிய தேதியும் எழுத்தில் வராவிட்டால் டிராயிங்கைத் திரும்ப வாங்கி வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடுவோம் என்று மூன்றே வரி.

“பெரியப்பாவ அனுப்பட்டுங்களா?” என்றாள் வசந்தாமணி.

“கிண்டலுக்கு இதுவா நேரம்? இந்தத் தடவ நெசமாவே காரணம் இருக்குதுல்ல!”

இருந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் நான்கு துளை போட்டு, ஒவ்வொன்றிலும் டேப் என்கிற எஃகு முனையை இறக்கி மரை வெட்ட வேண்டும். பத்து நாளில் பதினேழு டேப் ஒடிந்துவிட்டது. ஒடிந்த முனை துளைக்குள்ளேயே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதை எடுக்கப் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்பார்க் மெஷின் வைத்திருப்பவரிடம் ஓட வேண்டும். காளியப்பன் டேப் கம்பெனியை மூன்று முறை மாற்றினார். வேகத்தைக் குறைத்தார். எண்ணெயை மாற்றினார். மெஷினுக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டினார். பதினேழாவது டேப் அந்த எலுமிச்சம்பழத்துக்கு நேர் கீழேதான் ஒடிந்தது.

“எழுது,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “சந்தைல வர்ற டேப்பெல்லாம் இப்ப மட்டம். எங்க பக்கம் ஒரு குத்தமும் இல்ல. வர்ற சனிக்கெழம பூராத்தையும் குடுத்தர்றோம்.”

“சனிக்கெழமயா? இதுவரைக்கும் முப்பத்தொன்னு தானுங்க ஆயிருக்குது.”

“தேதி போட்டாத்தான் நம்புவாங்க புள்ள. அப்பறம் ஃபோல்டர் இருக்குதுல்ல.”

அவள் இங்கிலீஷில் அடித்தாள். வெறும் மெயில் போதாது, அத்தாட்சி வேண்டும் என்று காளியப்பனுக்குத் தோன்றியது. ஒடிந்த டேப்புகளைப் பொறுக்கி வந்து, இன்னும் வேலை தொடங்காத ஒரு பிளாக்கின் மேல் கல்யாண மொய்த்தட்டு மாதிரி வரிசையாக அடுக்கி, வெயிலுக்குக் கொண்டுபோய், செல்போனில் நாலு பக்கமும் படம் பிடித்தார். படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அவருக்கே பெருமையாகிவிட்டது. பதினொரு மணிக்கு மெயில் போயிற்று.

இரண்டு மணிக்குப் பதில் வந்தது. வசந்தாமணி படித்துத் தமிழில் சொன்னாள்.

“ஒடிஞ்ச டேப்பெல்லாம் பாத்தாங்களாம். அது எது மேல இருக்குதுன்னும் பாத்தாங்களாம். பிளாக்கோட ஓரத்துல அல அலையாக் கோடு தெரியுது, கேஸ்ல வெட்டுனதான்னு கேக்கறாங்க. டிராயிங்குல மூணாவது குறிப்ப ஒருக்காப் படிக்கச் சொல்றாங்க.”

காளியப்பன் டிராயிங்கை எடுத்துப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பிளாக்குக்கான இரும்பு பிளேட்டை ரம்பத்தில் மட்டுமே அறுக்க வேண்டும். கேஸில் வெட்டக் கூடாது. ரம்பத்தில் அறுத்தால் நாலு நாள் ஆகும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற இடத்தில் கேஸ் கட்டிங் போடுகிற சின்னராஜ் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சோப்பு மாதிரி வெட்டித் தந்துவிட்டான். நாலு நாள் மிச்சம் என்று அன்று இருவரும் பிரியாணி சாப்பிட்டார்கள்.

“அதுக்கும் டேப் ஒடியறதுக்கும் என்ன சம்பந்தம்? மேல ரெண்டு மில்லி சீவித்தான தொள போடறோம்!”

டேப் மெஷினில் ஒன்பது வருஷமாக நிற்கும் பாவாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் கையில் ஒரு அரம் இருந்தது.

“ஏனுங்ணா, மொத நாளே சொன்னனுங்களே, ஓரம் கல்லாட்டம் இருக்குதுன்னு.”

“நீ எதத்தான் சொல்லல? டீயில சக்கர பத்தலைன்னும் சொன்ன.”

“அதும் நெசந்தானுங்க.”

அவள் பிளாக்கைத் திருப்பி, நடு முகத்தில் அரத்தை வைத்து ஒரு இழு இழுத்தாள். தூள் உதிர்ந்தது. ஓரத்தில் வைத்து இழுத்தாள். அரம் கண்ணாடியில் போவதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று.

“தீயில வெட்டுனதும் ஓரம் மட்டும் எறுகிப்போச்சுங்க. ரெண்டு மில்லி சீவுனாப் பத்துங்களா? உள்ளாற இன்னும் எறுக்கம் இருக்குது. டிரில்லு அதுலயே மழுங்கிப் போயிருது. அப்பறம் டேப்பு எப்புடிங்க தாங்கும்?”

காளியப்பன் அரத்தை வாங்கித் தாமே இழுத்துப் பார்த்தார். வழுக்கியது. வேறு அரம் கொண்டுவரச் சொன்னார். அதுவும் வழுக்கியது. இனி அரக் கம்பெனியைத்தான் குறை சொல்ல வேண்டும்.

மணி மூன்றரை ஆகிவிட்டது.

“சின்னராஜ் ஏமாத்திட்டான்னு எழுது.”

“அவரு வெட்டச் சொன்னத வெட்டுனாரு,” என்றாள் வசந்தாமணி. “சொன்னது யாருங்க?”

“அப்ப என்னதான் எழுதறது?”

“நடந்தத எழுதறேன். கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க.”

வீட்டில் சட்டினியில் உப்பு கூடினால் ‘கூடிப்போச்சு’ என்று ஒரே சொல்லில் முடிக்கிறவள் அவள். மெயிலும் அப்படித்தான் இருந்தது. குறிப்பு மூன்றைப் படித்திருந்தும் கேஸில் வெட்டிவிட்டோம்; தவறு எங்களுடையது. ஓரம் இறுகியதால்தான் டேப் ஒடிகிறது. டேப் மீதும் சந்தை மீதும் காலையில் சொன்ன குறை சரியல்ல. மீதியுள்ள, வேலை தொடங்காத பிளாக்குகளை உலையில் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டு, ஓரம் மிருதுவாகிவிட்டதா என்று அரம் போட்டுப் பார்த்த பிறகே துளை போடுவோம். டேப் ஒடிந்த பதினேழு பிளாக்கைக் கழித்துவிட்டோம். அதற்குப் பதில் ரம்பத்தில் அறுத்துப் புதிதாகச் செய்வோம். முடிந்த முப்பத்தொன்றை உங்கள் சோதனைக்குத் தனியாக வைக்கிறோம். சனிக்கிழமை ஆகாது. பன்னிரண்டு நாள் வேண்டும்.

“பன்னெண்டா! பத்துன்னு போடு.”

பாவாயி இருமினாள். வசந்தாமணி பன்னிரண்டையே அனுப்பினாள். மணி நாலு ஐம்பது.

காளியப்பன் கணினிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூன்று மெஷினும் நின்று, தகரக் கூரையில் அணில் ஓடுகிற சத்தம் கேட்டது. ஐந்தேகாலுக்குப் பதில் வந்தது.

“அறுபது பிளாக் மட்டும் நம்மளுது. பன்னெண்டு நாள் குடுத்திருக்கறாங்க. மீதி வேற பட்டறைக்குப் போயிருச்சாம். இனி ஒவ்வொரு தடவயும் பிளேட்ட அறுத்ததும், வேலய ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஓரத்தப் படம் புடிச்சு அனுப்போணுமாம்.” வசந்தாமணி நிறுத்தினாள். “கீழ ஒரு வரி இருக்குதுங்க. இந்தத் தடவ ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கறது தெரிஞ்சு சந்தோஷமாம்.”

பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

காளியப்பன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். பாதி வேலை போன வருத்தம் முகத்தில் இருந்தது. பாதி தங்கிய தெம்பும் இருந்தது. வாசல் வரை போனவர் திரும்பி வந்து மனைவியின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கற. நடந்தத நடந்தபடி சொன்னா எறங்கி வர்றாங்கல்ல?”

“வராம?”

“அப்ப அதயும் அந்த ஃபோல்டர்ல போட்டு வை,” என்றார் காளியப்பன். “அடுத்த தடவ தேதிய மட்டும் மாத்திக்கலாம்.”