டாக்டர் பார்த்த பத்துக் கம்ப்யூட்டர்கள்

எங்கள் சர்வீஸ் கடையின் தலைமை மெக்கானிக்குக்கு டாக்டர் என்று பெயர். அவரே வைத்துக்கொண்டது. முதலாளியின் மச்சான் என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி இருந்ததாகக் கடைப் பதிவேட்டில் சான்று இல்லை. பதினொரு ஆண்டுகளில் அவர் கைவைத்த 2,316 கம்ப்யூட்டர்களில் 902-க்கு 'பவர் சப்ளை கோளாறு' என்று எழுதியிருக்கிறார். மாற்றிய பிறகும் அதே கோளாறோடு திரும்பி வந்தவை 640.

கேம் சென்டர் நடத்தும் அம்மா எங்களிடம் பத்துப் புதிய கம்ப்யூட்டர்கள் வாங்கினார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் சென்டரில் பழைய கார் பந்தய ஆட்டத்தில் போட்டி. அந்த ஆட்டமோ புதிய கம்ப்யூட்டர்களில் இரண்டு நிமிடம் ஓடும், திணறும், சில சமயம் தானே மூடிக்கொள்ளும். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பத்தையும் திருப்பிவிடுவதாகச் செவ்வாயன்று சொல்லிவிட்டார்.

டாக்டர் புதனன்று ரேமை மாற்றினார். வியாழனன்று விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினார். வெள்ளி மதியம், வேலை முடிந்ததென்று கையெழுத்து வாங்கும் தாளோடு நானும் போனேன்.

அந்த அம்மா, பிராசசர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்திருந்தார். திரையில் பதினாறு கட்டங்கள்.

"சார், ஆட்டம் திணறும்போதெல்லாம் இந்தக் கடைசி நாலு கட்டம்தான் துள்ளுது, பாருங்க."

"அது சும்மா கிராஃப் மேடம். பவர் சப்ளைய மாத்திப் பாத்துரலாம்."

"மூணு நாளா நீங்க மாத்தாதது உங்க சட்டைய மட்டும்தான்."

அந்தப் பிராசசருக்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் கோர்களில் வேகமானவை ஆறு. ஒவ்வொன்றும் இரண்டு கட்டமாகத் தெரியும். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் மெதுவான கோர்கள் நான்கு. அவைதான் கடைசி நான்கு கட்டங்கள். எல்லாக் கோரும் ஒன்றுபோல இருந்த காலத்து ஆட்டத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதன் முக்கிய வேலை மெதுவான கோரில் போய் விழுந்தால் மற்றதெல்லாம் அதற்காகக் காத்து நிற்கும்.

அம்மா, ஆட்டம் எந்தெந்தக் கோர்களில் ஓடலாம் என்று டிக் செய்யும் அஃபினிட்டி பட்டியலில் கடைசி நான்கு டிக்கையும் எடுத்தார். ஆட்டம் நாற்பது நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் டாக்டர். மீதி ஒன்பதிலும் அவரே டிக் எடுத்தார், எல்லாவற்றையும் அணைத்தார், 'முற்றிலும் குணம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

சனி காலை 8.40-க்குப் பத்தும் திணறின. டாஸ்க் மேனேஜரில் எடுத்த டிக், ஆட்டத்தை மூடித் திறந்தால் திரும்ப வந்துவிடும். பதினொரு ஆண்டு மெக்கானிக்குக்கு அது தெரியவில்லை.

"புது மெஷின் மேடம், போகப் போகப் பழகிக்கும்" என்றார் டாக்டர் போனில்.

அம்மா ஆட்டத்தைத் திறக்கும் ஷார்ட்கட்டில் ஒரு வரி எழுதினார்: ஆட்டம் தொடங்கும்போதே முதல் பன்னிரண்டு கட்டங்களில் மட்டும் தொடங்கும்படி. அதைப் பத்திலும் வைத்தார். 9.35-க்கு முடிந்தது. போட்டி சரியாகப் பத்துக்குத் தொடங்கியது.

திங்களன்று முதலாளி நேரில் போய், கம்ப்யூட்டர்களைத் திருப்பப் போகிறீர்களா என்று கேட்டார்.

"அதுங்க இருக்கட்டும் சார். உங்க மச்சான மட்டும் திருப்பி எடுத்துக்குங்க."