லண்டன் மணி பதினொன்றேகால்

ஜூஜுவாடி பக்கம் செம்புக் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றில் சாந்த் பாஷா செம்பு வாங்கும் பொறுப்பில் இருந்தார். செம்பு விலை ஏறினாலும் பேசி வைத்த விலைக்கே வாங்கிக்கொள்ளும் உரிமையை, ஆப்ஷன் என்ற பெயரில் லண்டன் சந்தையில் முன்பே எடுத்து வைப்பது அவர் வேலை. அந்த உரிமை, மாதத்தின் முதல் புதன்கிழமை லண்டன் நேரம் பதினொன்றேகாலுக்குக் காலாவதியாகும். அதற்குள் அங்குள்ள தரகருக்கு, "எடுத்துக்கொள்கிறோம்" என்று பாஷா கையாலேயே, அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து மெயில் போகவேண்டும். போகாவிட்டால் உரிமை செல்லாக்காசு. பாஷா வேலைக்குச் சேர்ந்தது மே மாதம். நம்மூர் நேரம் மூணேமுக்கால் என்று அப்போதே மனதில் பச்சை குத்திக்கொண்டார்.

நவம்பர் முதல் புதன்கிழமை. செம்பு விலை எகிறியிருந்தது. பெங்களூருக்குப் போய்த் திரும்பிய பாஷாவின் பஸ் முன்னால், அத்திப்பள்ளியில் ஒரு லாரி சாலையின் குறுக்கே படுத்துக்கொண்டது. மூணேமுக்கால் கடந்ததும் பாஷா மனைவி ஆஃப்ஷீனுக்கு போன் போட்டு, வேலை போய்விட்டது என்றார். பிறகு பஸ்ஸிலேயே ராஜினாமாக் கடிதத்தைத் தட்டி மேனேஜருக்கு அனுப்பினார். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தவில்லை.

இறங்கி ஓடி, நாலு மணிக்கு ஆபீஸில் நுழைந்தபோது மேனேஜர் ராஜசேகர் எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். திட்டக்கூட இல்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் நகர்த்தி வைத்தார். அந்த நேரம் பார்த்து லண்டன் தரகரிடமிருந்து போன் வந்தது. காலை வணக்கம் சொல்லி, இன்றைக்குக் காலாவதியாவதை எடுக்கிறீர்களா இல்லையா, ஏன் தகவலே இல்லை என்று கேட்டார். அங்கே மணி பத்தரைதானாம்.

பாஷா மெயிலை அனுப்பி, கிடைத்தது என்று பதில் வந்தபிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்துச்சு பாஷா?" என்றார் ராஜசேகர்.

"அக்டோபர் கடைசி ஞாயித்துக்கெழம அவங்க ஊர்க் கடிகாரத்த ஒரு மணி பின்னால தள்ளிட்டாங்களாம் சார். குளிர்காலம் முடியற வரைக்கும் நமக்கு நாலேமுக்காலு."

"நம்மள ஒரு வார்த்த கேக்காமயா?"

பாஷாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராஜினாமாவைக் கிழித்துப் போடச் சொன்னார். மெயிலை எப்படிக் கிழிப்பது என்று ராஜசேகர் கேட்டார்.

மாலை ஷிப்ட் விடும்போது ஆஃப்ஷீனின் அண்ணன் ஃபைஸான், மச்சானின் சாமான்களை அள்ளிப்போக இரண்டு கோணிப்பையோடு கிருஷ்ணகிரியிலிருந்து பைக்கில் வந்து நின்றான். தெரிந்தவரின் டயர் கடையில் கணக்கு வேலைக்கும் பேசி முடித்திருந்தான். நடந்ததைக் கேட்டதும் அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"வாக்குக் குடுத்துட்டேன் மச்சான். இப்ப அந்த வேலைக்கு யார அனுப்பறது?"

ராஜசேகர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஃபைஸானைத் தனியாகக் கூப்பிட்டு, கணக்கு தனக்கும் வரும் என்று சொல்லி, அந்தக் கடை எத்தனை மணிக்கு மூடும் என்று விசாரித்தார்.