வீட்டுப் பெரட்டில் அரைப் பேர்

இரண்டாயிரங்களின் பிற்பகுதி. பதுளையில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை, மாலையில் நகர அணிக்கு ரக்பி. அரையிறுதியில் ஒருவனை மடக்கப் பாய்ந்தபோது அவன் முழங்கால் என் நெற்றிப்பொட்டில் இறங்கியது. எழுந்து எதிரணிப் பக்கம் போய் நின்றேனாம். இழுத்து வெளியே உட்கார வைத்தார்கள். நாங்கள்தான் வென்றோம். மூன்று வாரத்தில் இறுதிப் போட்டி. பத்து வருட ஆட்டத்தில் எனக்குக் கிடைத்த முதல் இறுதி அது.

ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதும் நான் சிரித்துவிட்டேன்.

"சிரியாதேயும் மாஸ்டர். இந்த அடி ஸ்கேனில தெரியாது. மூளை தன்னைச் சரிக்கட்ட நாள் எடுக்கும். அதுக்கு முன்னம் இன்னொரு அடி விழுந்தா வீங்கிப் போகும். ஆளே மிஞ்சாது."

முதலில் ஓய்வு. தலைவலி விட்டபின் நடை, ஓட்டம், மோதாத பயிற்சி, அவர் பார்த்துச் சம்மதித்தால் மோதும் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது வேண்டும். வலி திரும்பினால் ஒரு நாள் ஓய்ந்து, ஒரு படி இறங்கவேண்டும்.

என் மனைவி தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். ஆறு மணிக்கு நான் அடுப்படி வாசலில் நிற்கவேண்டும்.

"தலவலி இருக்கா? வெளிச்சம் கூசுதா? கொமட்டுதா?"

கொஞ்சம் இருந்தாலும் "அரைப் பேரு" என்பாள். பாதி நாள் வேலைக்குத் தோட்டத்தில் சொல்வது அது. அரைப் பேர் விழுந்தால் டிவிகூட கிடையாது. ஐந்து நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். எரிச்சலான எரிச்சல்.

நானும் லயத்துப் பிள்ளைதானே. பெரட்டில் நோவைச் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. ஓட்டத்து நாள் காலையில் மண்டை கனத்தது. "ஒண்ணுமில்ல" என்றேன். மைதானத்தில் இரண்டாவது சுற்றில் புல் சுழன்றது. வீட்டுக்கு வந்து ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

அவள் கத்தவில்லை. "அப்பா கங்காணிகிட்ட சொன்ன பொய்யெல்லாம் ஒரு நாள் சம்பளத்துக்கு. நீங்க சொன்னது எதுக்கு?" என்றாள்.

மறுநாள் ஓய்வு. அதன்பின் மறுபடி நடையிலிருந்து. ஒரு காலையும் பொய் சொல்லவில்லை. கடைசியில் டாக்டர் பார்த்து, "இனி நீர் மோதலாம்" என்றார்.

இறுதிப் போட்டியில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். முடிய இரண்டு நிமிடம். பந்து ஓரத்தில் நின்ற என்னிடம் வந்தது. எதிரே வந்தவனின் கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. உள்ளே வெட்டி ஓடிக் கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்தேன். ஐந்து புள்ளி. வென்றோம். என் வாழ்க்கையில் அப்படி நான் சந்தோஷப்பட்டதே இல்லை.

பயல்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கயிற்றோரம் நின்ற மனைவி கையைக் காட்டி இறக்கச் சொன்னாள். இறக்கினார்கள்.

"தலவலி இருக்கா?"

"இல்ல."

"நெசமா?"

"நெசமா."

கூட்டம் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "முழுப் பேரு."