அமுதவள்ளிக்குப் பாடிய கடிதாசிப் பாட்டு

மலாய் நாட்டில் எங்கள் கிள்ளான் பக்கத்தில் யாருக்காவது விசாவோ படிக்க இடமோ கிடைத்துவிட்டால், பவுனம்மாள் அக்காவின் பஜனைக் குழு அந்த வீட்டுக்குப் போய்ப் பாடும். நாலு சாமி பாட்டு முடிந்ததும் கடிதாசிப் பாட்டு. மெட்டு ஒன்றுதான், வரிகள் வீட்டுக்கு வீடு மாறும். எவ்வளவு காலம் காத்திருந்தார்கள், எத்தனை தரம் மனு திரும்பி வந்தது, யாரிடம் திட்டு வாங்கினார்கள் என்று அக்கா முன்கூட்டியே விசாரித்து வரி கட்டிவிடுவார். அவர் பாடுகிற ஒவ்வொரு வரியையும் நாங்கள் இரண்டு தரம் திருப்பிப் பாடுவோம். கடைசி வரி மட்டும் அனுமதி கிடைத்தவர் சொந்தமாகக் கட்ட வேண்டும். அதையும் திருப்பிப் பாடி முடித்துவிட்டுத்தான் எங்களுக்குச் சாப்பாடு.

நான் அந்தக் குழுவில் கஞ்சிரா அடிக்கிறவள், பெயர் வாணி. சுகுமாறன் மகளுக்கு மேல்முறையீடு செய்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிக்குலேஷன் படிப்பில் இடம் கிடைத்தபோதும், பிரிக்பீல்ட்ஸில் முடிதிருத்துகிற தம்பிக்கு வேலை பெர்மிட் புதுப்பித்து வந்தபோதும் நான்தான் அடித்தேன். அந்தத் தம்பி கடைசி வரியில் தன் முதலாளியைப் பாடிவிட்டு ஓவென்று அழுதான். அழ வேண்டிய இடம்தான் அது.

அமுதவள்ளி என் பக்கத்து வீடு. மன்னார்குடிப் பக்கத்துப் பெண். பக்கத்திலேயே மேருவில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் லோகனைக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்த முதல் நாளே என்னிடம், "அக்கா, இங்க புளி எங்க வாங்குறது?" என்று கேட்டாள். அப்போது நன்றாகச் சிரிப்பாள்.

வெளிநாட்டு மனைவிக்கு இங்கே முதலில் கிடைப்பது தற்காலிகமாகத் தங்குகிற பாஸ்தான். அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் புருஷன் கூடவே நிற்க வேண்டும். அவன் லீவு போட்டால்தான் இவளுக்கு நாடு. ஐந்து வருஷம் அப்படி இருந்த பிறகு நிரந்தரவாசத்துக்கு மனுப் போட்டார்கள். இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். லோகன் எந்தப் பக்கம் படுப்பான், அவனுக்குப் பிடித்த குழம்பு எது என்று. அவன் தனக்குப் பிடித்தது மீன் குழம்பு என்றானாம். இவள் ரசம் என்றாளாம். அதற்கே ஒரு மாதம் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு கிடந்தார்கள். மனு எப்படியோ பிழைத்தது. பிறகு காத்திருப்பு. எப்போது போய்க் கேட்டாலும் "இன்னும் பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்பதே பதில்.

மனுப் போட்ட அன்றைக்கே பவுனம்மாள் அக்கா சொல்லிவிட்டார்: "இனிமே நீ ஊருக்குப் போவக்கூடாது. கால வெளிய வெச்சேன்னா மனு செத்துரும். காப்பார்ல ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சுலா." அந்தக் காப்பார்க்காரியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் பஜனையில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். லோகனும் தலையாட்டினான். வாய் இருக்கிறவன் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எங்கே சந்தேகப்படுவார்களோ என்று பயம். இமிகிரேஷன் என்றால் எங்கள் ஆட்களுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

அவள் அம்மா இறந்தது ஆடி மாதத்தில். லோகன் டிக்கெட் பார்க்கப் போனான். அவள்தான், "வேணாம், இவ்வளவு வருசம் காத்துக்கிட்டு இருந்தது போயிரும்" என்றாள். அம்மாவை எடுத்துக்கொண்டு போவதைச் சீனி டின்னில் சாய்த்துவைத்த போனில் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். படம் நடுவில் நின்று நின்று வந்தது. முடிந்ததும் எழுந்து போய்த் தோசைக்கு ஊறப்போட்டிருந்த அரிசியைக் கிரைண்டரில் போட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "மனசு திடம், கெட்டிக்காரி" என்று பஜனையில் மெச்சிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அவள் சிரிப்பதும் குறைந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

போன மாதம் கடிதம் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது. லோகன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். அவள் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "எப்ப போவணும்?" என்று மட்டும் கேட்டாள்.

என் மைவி காரில்தான் இமிகிரேஷனுக்குப் போனோம். கவுண்டரில் இருந்தது ஒரு மலாய்க்கார அம்மா, நல்ல மனுஷி. கட்டணம் வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டில் அனுமதியைப் பதிந்து, இனிப் பதிவிலாகாவில் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐ.சி. அட்டை எடுக்கலாம் என்றார். பிறகு பக்கங்களைப் புரட்டியவர், "மனுப் போட்டதுக்கப்புறம் ஊருக்கே போகலையா?" என்று மலாயில் கேட்டார்.

"மனு இருந்துச்சே, போனா ரத்தாயிரும்ல" என்றான் லோகன்.

"யார் சொன்னது? பாஸ் செல்லுபடியாத்தானே இருந்துச்சு. போய்ட்டு வர விசாவும் இதுலயே இருக்கு, பாருங்க. ஒரு வாரம் ரெண்டு வாரம் போய்ட்டு வந்திருக்கலாமே, புவான்." புவான் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, பரிவாகத்தான் சொன்னார். அமுதவள்ளி, "தெரிமா காசே" என்று நன்றி சொல்லிப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாள்.

வண்டியில் திரும்பினோம். மேரு திரும்பும் இடத்தில் லோகன், "அமுதா, நான் கேட்டிருக்கணும்" என்றான். அவள், "சிக்னல் விழுந்துருச்சு, அக்கா" என்று என்னிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பஜனை. நான் வேண்டாமே என்றேன். "வரட்டும் அக்கா, சமைச்சு வெச்சிட்டேன்" என்றாள். பவுனம்மாள் அக்கா பட்டுப்புடவையில் வந்தார். கவுண்டரில் நடந்தது அவருக்குத் தெரியாது. சொல்வதற்கு எனக்கும் வாய் வரவில்லை, லோகனுக்கும் வரவில்லை. சாமி பாட்டெல்லாம் முடிந்தது. அக்கா ஆரம்பித்தார்.

"வந்தது வந்தது கடிதாசி, எங்க
வள்ளியத் தேடி வந்தது கடிதாசி."

நாங்கள் திருப்பிப் பாடினோம். மீன் குழம்பும் ரசமும் வரியாக வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அக்கா குரலை உயர்த்தினார்.

"ஆத்தா செத்த சேதி வந்தும்
அசையாம இருந்தா எங்க வள்ளி."

கூடம் முழுக்கக் கைதட்டிப் பாடியது. சில பெண்களுக்குக் கண் கலங்கியது, பெருமையில். கஞ்சிராவை எறிந்துவிட்டு எழுந்துபோக வேண்டும்போல எனக்கு இருந்தது. போகவில்லை, அடித்துக்கொண்டுதான் இருந்தேன். லோகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அமுதவள்ளி கால் மடக்கி உட்கார்ந்து மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப உன் வரி, கண்ணு" என்றார் அக்கா.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். மெட்டுப் பிசகாமல், சாதாரணக் குரலில் பாடினாள்.

"போயிட்டு வந்திருக்கலாம் அம்மாவப் பாக்க,
போனா தப்பில்லன்னு ஆபீசர் சொன்னாங்க."

பழக்கம் பாருங்கள், யாரும் வார்த்தையைக் கவனிக்கவில்லை. கூடம் முழுக்கக் கைதட்டி, முகமெல்லாம் சிரிப்பாக, அதை ஒரு தரம் திருப்பிப் பாடியது. இரண்டாம் தரத்தின் பாதியில் பவுனம்மாள் அக்காவின் குரல் நின்றது. அடுத்து ஒவ்வொருத்தராக நின்றார்கள். கடைசியில் அமுதவள்ளி ஒருத்திதான் தட்டிக்கொண்டே பாடி, வரியை முடித்தாள்.